வாசற்காலில் ஒரு ஆண்டு

பழைய பத்திரங்களிலும் கட்டடங்களிலும் உள்ள தமிழ் எண்களைப் படித்துச் சொல்லும்படி எனக்குக் கடிதம் எழுதுவார்கள். அண்மையில் ஒருவர் கேட்டது: "வாசற்கால் மேல் 'கஅகூஉ' என்று செதுக்கியிருக்கிறது, இது என்ன பெயர் ஐயா?" பெயரில்லை, ஆண்டு: 1892. அவர் கண்ணில் பட்ட வடிவத்துக்கு நெருங்கிய எழுத்தைத் தட்டியிருக்கிறார்.

"அது க இல்லை, ௧" என்று பதில் எழுத எனக்குக் கை வராது. அவருடைய போனில் ௧ கட்டமாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, ஏதோ விடுபட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒழுங்காகத் தெரிந்தால்தான் சிக்கல். பல எழுத்துருக்களில் ௧ என்பது க-வின் வலக்கோட்டைக் கீழே சற்று நீட்டியது மட்டுமே. சிறிய திரையில் அந்த நீட்சி கண்ணுக்கு எட்டாது. நான் எழுதியது "க இல்லை, க" என்று நிற்கும். ௨-க்கும் உ-வுக்கும், ௮-க்கும் அ-வுக்கும் அந்த அளவு வேறுபாடுகூடக் கிடையாது.

ஆகவே விடையை 1892 என்று எழுதிவிட்டு, வடிவத்தைச் சொல்லால் விளக்குவேன்: முதலில் இருப்பது ஒன்று, க போலிருக்கும், கால் நீண்டிருக்கும், அடுத்தது அ போன்ற எட்டு, பிறகு கூ போன்ற ஒன்பது, கடைசியில் உ போன்ற இரண்டு. இதில் எந்த எழுத்துருவும் கெடுக்க ஒன்றுமில்லை. உண்மையான தமிழ் எண்ணையும் ஒருமுறை, தனி வரியில், ௧௮௯௨ என்று வைப்பேன். அது கட்டமாகிப் போனாலும் பதில் பிழைத்துக்கொள்ளும்.

அதே ஆண்டைப் பழைய முறையில் ௲௮௱௯௰௨ என்றும் செதுக்குவதுண்டு: ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, இரண்டு. இங்கே மட்டும் இலக்கத்தை முந்தவிட்டு நிறுத்த முடியாது. 1892 என்று மட்டும் சொன்னால், நான்கு இலக்கத்துக்கு ஏன் ஆறு குறிகள் என்று கேட்பவர் குழம்புவார். குறிகளைப் பிரித்துச் சொல்லியே தீரவேண்டும், முடிந்தால் படமாகவும் அனுப்பவேண்டும்.

பத்திரங்களில் வரும் கால், அரைக்கால், மாகாணி போன்ற பின்னக் குறிகளை நான் தட்டுவதேயில்லை. அவை யூனிகோடில் 2019-இல்தான் சேர்ந்தன. அவற்றை வரைய எழுத்துரு இல்லாத கருவிகள் ஏராளம். "மூன்றரைக்கால்" என்று எழுத்தால் எழுதிவிடுகிறேன். தொலைபேசி எண்ணுக்கும் பணத்துக்கும் 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள்தான்: தொட்டதும் அழைப்பு போக வேண்டும், வங்கிச் செயலியின் பெட்டியில் ஒட்டினால் ஏற்க வேண்டும்.