பட்டுக்குள் கம்பளி

கனடிய நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டில் சனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. பொங்கல் வரும் அம்மாதமே டொராண்டோ நகரில் கடுங்குளிர்காலம். சில இரவுகளில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 10 பாகை செல்சியசையும் தாண்டி இறங்கிவிடும். வாடகை மண்டபத்தில் சூடாக்கியை இயக்கினாலும் முதலில் காற்றுத்தான் சூடேறும். தரையும் சுவரும் நெடுநேரம் குளிர்ந்தே கிடக்கும்.

புடவையோ வெப்பநாட்டின் உடை. காற்று கீழே புகுந்து மேலே வெளியேறுவதே அதன் சிறப்பு. குளிர்நாட்டில் அதுவே குறையாகிறது. உடலைச் சூடாக வைத்திருப்பது துணியின் கனமன்று, இழைகளுக்கிடையே அசையாது தங்கும் காற்று. ஆகவே புடவைக்குள் உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை வேண்டும். பருத்தி இதற்கு உதவாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து, அமர்ந்ததும் உடலைக் குளிரச் செய்யும். மெல்லிய கம்பளி, ஈரம் ஏற்றாலும் வெம்மையை அவ்வளவாக இழப்பதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அம்மம்மா இதற்கு உடன்படவில்லை. "உள்ளுக்குக் கம்பளியைப் போட்டால் சட்டை கொளுவாது பிள்ளை. நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். அவர் கூறியது உண்மையே. ஊரில் அளவெடுத்துத் தைத்த பட்டுச் சட்டையில் கம்பளியின் தடிப்புக்கு இடமேது? பேத்தி சட்டையை உட்புறம் திருப்பினாள். இருபக்கமும் தையற்காரர் விட்டுவைத்த உபரித் துணி இருந்தது. உள்தையலைப் பக்கத்திற்குக் கால் அங்குலம் பிரித்ததும், சுற்றளவு ஓர் அங்குலம் கூடியது, கொக்கிகள் மாட்டின. கழுத்து இறங்கிய, முக்கால் கை உள்ளாடையே அவள் தேர்ந்தது. கைப்பகுதியை முழங்கைக்கு மேல் மடித்துச் சட்டைக்குள் செருகியதால் வெளியே ஏதும் தெரியவில்லை.

இடுப்பில்தான் தொல்லை மிகுதி. வழவழப்பான செயற்கையிழைக் காலுறையின்மேல் பாவாடை நாடா வழுக்கும். கொசுவமும் உடன் இறங்கும். வேட்டி உடுத்தும் ஆடவர்க்கும் இதே இடர்தான். அவர்கள் இடைவார் கட்டித் தப்பிக்கிறார்கள். வறண்ட குளிர்காற்றில் உராய்வதால் நிலைமின்னேற்றம் உண்டாகிப் புடவை காலோடு ஒட்டிக்கொள்ளும். அம்மம்மாவுக்குக் கம்பளிக் காலுறையும், அதன்மேல் பருத்திப் பாவாடையும் அணிவித்தார்கள். இரண்டும் சிறிது ஈரத்தைத் தம்முள் வைத்திருப்பதால் மின்னேற்றம் எளிதில் தேங்குவதில்லை; நாடாவும் நழுவுவதில்லை.

வாகனத்திலிருந்து மண்டபம் வரையுள்ள சில அடிகளே பட்டுக்குப் பகை. பனி உருகவென்று தெருவில் தூவிய உப்பு, ஈரத்தோடு கரையில் ஏறி வெண்கறையாய்ப் படியும். முழங்கால்வரை புடவையைத் தூக்கிச் செருகி, பனிக்காலணியோடு நடந்து, வாயிலில் செருப்பு மாற்றுவார்கள்.

ஆனால் கூட்டம் நிறைந்தபின் நிலைமை மாறும். அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுவார். 200 பேர் கூடினால் அது 20,000 வாட். உள்ளாடையை அங்கே கழற்ற இயலாது. அதனால்தான் அதை மெல்லியதாக அணிந்து, மீதக் குளிருக்கு ஒரு சால்வையைப் போர்த்திக்கொள்கிறார்கள். முதல் நடனம் முடிவதற்குள் நாற்காலிகளின் முதுகுகளில் சால்வைகள் தொங்கத் தொடங்கிவிடும்.