வெள்ளை வளையம் போகும், கறுப்பு வளையம் போகாது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு கடையின் பின்கட்டில், நான்கு பேர் உட்காரும் தேக்கு மேசை ஒன்று கிடந்தது. விலை 14,000 ரூபாய் என்றார் கடைக்காரர். மேல்பலகை முழுக்க டம்ளர் வைத்த வளையங்களும் கீறல்களும். "வீட்டுல இருக்கிற சாமானை வச்சே எல்லாக் கறையையும் எடுத்துரலாம் தம்பி" என்றார். எடுத்துக் காட்டுங்கள் என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பாலிஷ் போடும் பெரியவர் வந்தார். வளையங்களில் அவர் உடனே கை வைக்கவில்லை. பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்து, மேசைக்காலின் உட்பக்கத்தில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து அழுத்தினார். சற்று நேரத்தில் அந்த இடம் பிசுபிசுத்தது, பஞ்சு பழுப்பானது. "அரக்கு பாலிஷ். இதுக்குச் சூடு ஆகாது, பார்த்துத்தான் செய்யணும்" என்றார். இன்றைய பி.யு. பாலிஷாக இருந்தால் ஸ்பிரிட்டுக்கு அசையாது.

அடுத்து வெள்ளை வளையம். நீர் மரத்துக்குள் போகவில்லை, பாலிஷுக்குள்ளேயே சிக்கியிருக்கிறது. அதனால்தான் வெளுத்துத் தெரிகிறது. பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வளையத்தின்மேல் விரித்தார். இஸ்திரிப் பெட்டியை ஆகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல் வைத்து, மூன்று நான்கு நொடியில் எடுத்தார். துணியைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி வைத்தார். வளையம் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்து காணாமல் போனது. பக்கத்திலேயே துணியின் நெசவு அச்சாகப் பதிந்த ஒரு சதுரம் இருந்தது. யாரோ பொறுமையில்லாமல் பெட்டியை அழுத்தி வைத்ததால் பாலிஷ் இளகி வந்த வினை அது.

இன்னொரு வளையத்தில் முந்தின நாள் இரவே வாசலின் தடவி வைத்திருந்தார். துடைத்தபோது முக்கால்வாசி மறைந்திருந்தது. மிச்சத்துக்கு வெள்ளைப் பற்பசையை ஈரத்துணியில் தொட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே லேசாகத் தேய்த்தார். ஜெல் பற்பசை இதற்கு உதவாதாம். கறை போய்விட்டது. ஆனால் ஜன்னல் பக்கமாகக் குனிந்து பார்த்தேன். தேய்த்த இடம் மட்டும் பளபளப்பு இழந்திருந்தது. பற்பசையில் இருப்பது நுண்ணிய அரம்தானே. கறையோடு பாலிஷின் மேல்தோலையும் அது சுரண்டியிருக்கிறது.

"அந்தக் கறுப்பு வளையம்?" என்று கேட்டேன். கடைக்காரர் அதையும் எடுத்துரலாம் என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் இஸ்திரிப் பெட்டி, வாசலின், பற்பசை என்று எல்லாவற்றையும் அதன்மேல் செய்து காட்டினார். கறுப்பு கொஞ்சமும் அசையவில்லை. அங்கே நீர் பாலிஷைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிட்டது. இரும்புப் பாத்திரத்தின் துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் மை போன்ற கறை உண்டாகும். பாலிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆக்சாலிக் அமிலம் போட்டு வெளுக்க வேண்டிய வேலை அது. நஞ்சுள்ள பொருள், கையுறை வேண்டும். சமையலறையில் செய்கிற காரியமில்லை.

கீறல்களுக்கு வந்தார். நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் வழுக்கிப் போன கீறலில் வால்நட் பருப்பை உடைத்துக் குறுக்காகத் தேய்த்து, விரலால் அழுத்திச் சூடேற்றித் துடைத்தார். பருப்பின் எண்ணெய் இறங்கி வெள்ளைக்கோடு மறைந்தது. நகம் மாட்டிய கீறலில் அது பலிக்கவில்லை. இன்ஸ்டன்ட் காப்பித்தூளைச் சில சொட்டு வெந்நீரில் குழைத்து, பல்குத்தும் குச்சியால் கோடு வழியே இட்டு, உடனே சுற்றிலும் துடைத்தார். நிறம் ஒத்துப் போனது. பள்ளம் அப்படியே இருந்தது. நிழல் விழுகிற கோணத்தில் இப்போதும் தெரிகிறது. மேலே ஈரத்துணி போட்டால் காப்பி கரைந்து வந்துவிடும் என்பதால், மெழுகு பூசி மூடினார்.

கடைசியாகப் பளபளப்பு. கடைக்காரர் தேங்காய் எண்ணெய்த் துணியை எடுத்து ஒரு பாதியில் தடவினார். மின்னியது. பெரியவர் மறுபாதியில் தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்த பசையை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, காய்ந்த பருத்தித் துணியால் தேய்த்தார். டீ குடித்துவிட்டு வந்து இரண்டு பக்கமும் விரலை ஓட்டினேன். எண்ணெய்ப் பக்கம் பிசுக்காக இருந்தது, தெருத்தூசி அதற்குள் ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகுவதில்லை. மெழுகுப் பக்கம் விரல் வழுக்கியது.

உங்கள் மேசையில் கை வைக்குமுன், கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். கறை வெள்ளை என்றால் வீட்டுச் சாமானிலேயே சரியாகும். முதலில் வாசலின், அடுத்து குறைந்த சூடு, கடைசியாகத்தான் பற்பசை. கறுப்பு என்றால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.