பாதி வேகத்தில் ஒரு பாடல்



ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறவர் ஓரிடத்தில் தடுமாறினால், பாடுகிற சபையாரும் அவரோடு தடுமாறுகிறார்கள். ஆகையால் புதிய பாடலை யூடியூபில் கேட்டுப் பழகுகிற உங்களுக்கு, சனிக்கிழமை மாலைகளில் நான் கைக்கொள்ளும் முறையை எழுதுகிறேன்.

பழைய ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். யூடியூபில் Playback speed என்னும் அமைப்போ சுருதியை மாற்றுவதில்லை. ஒலியை மிகச் சிறு துண்டுகளாக்கி, அவை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி அகலமாக அடுக்குகிறது. எனவே உங்கள் விரல்கள் அதே கட்டைகளிலேயே இருக்கலாம். ஆயினும் 0.5 வேகத்தில் டிரம்ஸின் அடி மழுங்கி, சில வேளைகளில் இரட்டித்துக் கேட்கும். அந்த வேகத்தில் ஸ்வரங்களை மட்டும் கண்டுகொள்ளுங்கள், தாளத்தை 0.75-இல் பழகுங்கள்.

சரணத்திற்கு முன் வரும் இடையிசை நான்கு பார் என்று வைத்துக்கொள்வோம். பாருக்கு நான்கு அடி. நிமிடத்திற்கு 96 அடி. அந்த நான்கு பாரை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தால், பாடலிலிருந்து இடையிசைக்குள் நுழைவதும், அதிலிருந்து சரணத்திற்குப் போவதும் பழகாமலேயே நின்றுவிடும். ஆகவே முன்னால் ஒரு பார், பின்னால் ஒரு பார் சேர்த்து ஆறு பாராக எடுங்கள். இயல்பான வேகத்தில் அது 15 விநாடி, 0.75-இல் 20 விநாடி, 0.5-இல் 30 விநாடி.

யூடியூபின் Loop முழுப் பாடலையே திரும்ப ஒலிக்கும். ஒரு பகுதி மட்டும் வேண்டுமானால், தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கக்கூடிய பயிற்சிச் செயலி தேவை. குறித்தபின் வாசியாமல் கைதட்டிப் பாருங்கள். பகுதி திரும்பும் இடத்தில் உங்கள் தட்டு அடியோடு பொருந்தாவிட்டால், குறி சரியாக விழவில்லை, அதை நகர்த்துங்கள்.

மெதுவான வேகத்தில் மறைந்திருக்கும் குறை ஒன்று உண்டு. அங்கே எந்த விரலும் எந்தக் கட்டையையும் நேரத்திற்குள் எட்டிவிடும். இயல்பான வேகத்தில் அதே விரல் பிந்திப்போகும். ஆகையால் விரல் வரிசையை உறுதிசெய்யுமுன், கடினமான ஒரு பாரை மட்டும் முழு வேகத்தில் வாசித்துச் சோதியுங்கள். பின்பு 0.75-இல் மூன்று முறை தொடர்ந்து பிழையின்றி வந்தால் 0.8-க்குச் செல்லுங்கள். இவ்வாறே 0.05 வீதம் ஏறுங்கள். ஒரு படியில் விரல் இடறினால், முந்தின படிக்குத் திரும்புங்கள்.

முடிவில் அலைபேசியை நிறுத்திவிட்டு, வீட்டார் ஒருவரைப் பாடச்சொல்லி வாசியுங்கள். பயிற்சியில் ஒலிப்பதிவு நம்மை நடத்துகிறது. ஞாயிறு காலையிலோ, சபையார் நம் கைகளைக் கேட்டே பாடத் தொடங்குகிறார்கள்.