லட்சம் பேர் இருக்கட்டும் சித்தி, நாலு நிமிஷம் பார்க்கிறாங்களா?

காரைக்குடியில சித்தி யூடியூப்ல பலகாரச் சேனல் ஆரம்பிச்சிருக்காங்க. "ஒரு வருஷத்துல லட்சம் சப்ஸ்கிரைபர் வந்துருமாடா?"ன்னாங்க. பக்கத்து மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனலே 2018-ல தொடங்கி 2021-லதான் ஒரு கோடியைத் தொட்டுச்சு. அவங்க கதை வேற, விடுங்கன்னேன்.

யூடியூப் விளம்பரப் பணத்துல பங்கு வேணும்னா ஆயிரம் சப்ஸ்கிரைபரோட, கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரம் ஓடியிருக்கணும். ஷார்ட்ஸ் ஃபீடுல ஓடுறது இதுல சேராது. ஒருத்தர் சராசரியா 4 நிமிஷம் பார்த்தா 60,000 பார்வை வேணும். 2 நிமிஷத்துல எந்திரிச்சுப் போனா 1,20,000. தீபாவளி ஆர்டர் நேரத்துல வாரம் ஒரு வீடியோ சித்தியால முடியாது. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னா 26 வீடியோ, ஒவ்வொண்ணுக்கும் சுமார் 2,300 பார்வை. புதுச் சேனலுக்கு அது ஜாஸ்தி. அதனால 4,000 மணி நேரத்தை ரெண்டாம் வருஷத்துக்குத் தள்ளிட்டோம். இந்த வருஷம் 26 வீடியோ, சராசரி 4 நிமிஷம், அவ்வளவுதான்.

ஸ்டூடியோவுல ரிட்டென்ஷன் கோட்டைப் பார்த்தா, கந்தரப்பம் வீடியோவுல வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள சரிஞ்சு கிடக்கு. இப்ப எண்ணெயில அப்பம் உப்பி வர்றதைக் காட்டிட்டுத்தான் பேச்சே. அடுத்தது சத்தம். ஆத்தங்குடிக் கல்லு, உசரமான கூரை, பேசுனா வீடே எதிரொலிக்குது. சேலையில குத்துற சின்ன மைக்கை வாயிலேர்ந்து ஒரு சாண் தள்ளி வச்சுப் பழகிட்டிருக்காங்க.