பாடத்தின் பெயரும் பாடமும்

என் தங்கை மகள் இணையத்தில் தொடக்கநிலை பிரெஞ்சு சொல்லித் தருகிறாள். பிரான்சில் இருக்கும் கணவரிடமோ பெற்றோரிடமோ போய்ச் சேர வேண்டிய புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகள்தான் பெரும்பாலும் சேருகிறார்கள். மொத்தம் இருபத்து நான்கு ஒளிப்பதிவுப் பாடங்கள். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுங்கள் மாமா என்று பட்டியலை என்னிடம் தந்தாள். பிழை அதிகம் இல்லை. ஆனால் தலைப்புகளைப் படித்தபோது அலுவலகக் கடிதங்களில் 'பொருள்' என்ற இடத்தில் நாங்கள் எழுதுவது நினைவுக்கு வந்தது. 'குடும்ப அட்டை – தொடர்பாக' என்று இருக்கும். அட்டை வேண்டுமா, தொலைந்துவிட்டதா, பெயர் நீக்க வேண்டுமா என்று உள்ளே படித்தால்தான் தெரியும். இவள் தலைப்புகளும் அப்படித்தான்: 'எண்கள்', 'கடந்த காலம் – ஓர் அறிமுகம்', 'குடும்பமும் ஆவணங்களும்'. பாடத்தை முடித்தவருக்கு என்ன செய்ய வரும் என்று ஒன்றிலும் இல்லை.

நான்காம் பாடத்தை எடுத்துக்கொண்டோம். தலைப்பு 'எண்கள் 1 முதல் 100 வரை'. கீழே விளக்கம், 'இப்பாடத்தில் பிரெஞ்சு எண்களைப் பற்றி விரிவாகக் காண்போம்.' காண்பது யார், கண்டபின் என்ன?

பிரான்சில் இறங்கியவுடன் எண்கள் எங்கே தேவைப்படும் என்று யோசித்தோம். தொலைபேசி எண்ணில்தான். அங்கே பத்து இலக்க எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள். ஏழு, நான்கு என்று தனித்தனியாகச் சொல்லாமல் 'எழுபத்து நான்கு' என்பார்கள். அதிலும் பிரான்சில் பேசும் பிரெஞ்சில் எழுபதுக்குத் தனிச்சொல் கிடையாது. அறுபதும் பதினான்கும் சேர்ந்தால் 74, 'சுவாசாந்த் கத்தோர்ஸ்'. 93 என்பது நான்கு இருபதுகளும் பதின்மூன்றும், 'கத்ர் வேன் த்ரேஸ்'. 'சுவாசாந்த்' காதில் விழுந்தவுடன் புதியவர் 6 என்று எழுதிவிடுவார். அடுத்த சொல்லைக் கேட்டதும் அதை அடிக்க வேண்டும். அடிப்பதற்குள் அடுத்த ஜோடி போய்விடும். ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கும் இது நடக்கும். ஒப்பிப்பது வேறு, கேட்டு எழுதுவது வேறு.

ஆகவே புதிய தலைப்பு, 'போன் எண்ணைக் கேட்டு எழுதலாம்'. விளக்கம் இப்படி வந்தது: 'இந்தப் பாடம் முடிந்ததும், சாதாரண வேகத்தில் இரண்டு முறை சொல்லப்படும் பிரெஞ்சு தொலைபேசி எண்ணைப் பிழையில்லாமல் எழுதுவீர்கள். 60க்கு மேற்பட்ட எண்களில் பேனாவை எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் பழகுவீர்கள்.'

இந்த விளக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. செய்யப்போவது என்ன, எந்த நிலைமையில், எவ்வளவு சரியாக. ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962இல் பாட நோக்கங்களை எழுதுவது பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் கேட்டதும் இந்த மூன்றையும்தான். 'இரண்டு முறை', 'சாதாரண வேகத்தில்' என்பவற்றை எடுத்துவிட்டால் மாணவர் எதிர்பார்ப்பது ஒன்றும் கிடைப்பது வேறொன்றுமாகிவிடும்.

பெயரை மாற்றியதும் ஒரு சங்கடம் வெளிப்பட்டது. ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தால் அவள் ஒன்று முதல் நூறு வரை வரிசையாக, நிதானமாகப் படிக்கிறாள். அவ்வளவுதான். ஜோடி ஜோடியாகக் கேட்டு எழுதும் பயிற்சி ஒன்றுகூட இல்லை. தலைப்பு சொல்வதைப் பாடம் தரவில்லை. தலைப்பைக் குறைக்க வேண்டும், அல்லது பாடத்தைக் கூட்ட வேண்டும். அவள் பாடத்தைக் கூட்டினாள். ஐந்து நிமிடப் பதிவு. எண்ணைச் சொல்வாள், இடைவெளி விடுவாள், விடையைத் திரையில் காட்டுவாள். ஜோடி முழுதும் காதில் விழும்வரை பேனாவைத் தாளில் வைக்காதே என்பதுதான் அதில் சொல்லித் தருகிற வித்தை.

அதற்குப் பிறகு நாங்கள் தலைப்பிலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொரு பாடத்திலும் கடைசிப் பயிற்சியை முதலில் பார்த்தோம். அங்கே மாணவர் என்ன செய்கிறாரோ அதுவே தலைப்பு. 'புரிந்துகொள்வீர்கள்', 'அறிவீர்கள்' என்று எழுதவில்லை. ஒருவர் புரிந்துகொண்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. எழுதுவதை, நிரப்புவதை, சொல்வதைப் பார்க்கலாம். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழிச் சட்டகத்திலும் ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு படிகளும் 'இதைச் செய்ய முடியும்' என்ற வாக்கியங்களால்தான் விளக்கப்பட்டிருக்கின்றன.

தமிழில் எழுதும்போது ஒரு தனித் தொல்லை. பிரெஞ்சில் வினைச்சொல் முன்னால் வந்துவிடும். நமக்கு அது கடைசியில். கைபேசியில் நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாகிவிடுகிறது. 'பிரெஞ்சு அரசு அலுவலகத்தில் கேட்கப்படும் விவரங்களை...' என்று நின்றுவிடும். வெட்டுப்படுவது நாம் பாடுபட்டுத் தேடிய அந்த வினைச்சொல்தான். அதனால் தலைப்பு நான்கைந்து சொல்லுக்குள், நிபந்தனைகள் எல்லாம் விளக்கத்தில் என்று வைத்துக்கொண்டோம். இலக்கணப் பெயர்களையும் தூக்கி எறியவில்லை. தேர்வுக்குப் படிப்பவர் 'பஸ்ஸே கொம்போஸே' என்ற பெயரைத்தான் தேடுவார். தலைப்பு 'நேற்று செய்ததைச் சொல்லலாம்'. விளக்கத்தின் இரண்டாம் வரியில் பஸ்ஸே கொம்போஸே.

'குடும்பமும் ஆவணங்களும்' பாடத்தில்தான் இருவருக்கும் வாதம் வந்தது. "பிறப்புச் சான்றைப் படிக்கலாம்னு போட்டுடலாமே மாமா, நம்ம ஊர்ல எல்லாருக்கும் வேண்டியதாச்சே" என்றாள். எந்தச் சான்று என்று கேட்டேன். பழைய பதிவேடுகளின் கையெழுத்து எனக்கே கண்ணைக் கட்டும். தேதி எண்ணில் இருக்காது, எழுத்தில்தான். 1954 என்றால் 'மில் நெஃப் சான் சேன்காந்த் கத்ர்'. கொடி மாதிரி சுருண்ட அந்த எழுத்தை ஒரு பாடத்தில் படிக்க வைக்க முடியாது. தட்டச்சு செய்த நகலில் பெயர், பிறந்த நாள், ஊர், தாய் தந்தை பெயர் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க வைக்கலாம். அதனால் 'தட்டச்சுப் பிறப்புச் சான்றில் விவரம் கண்டுபிடிக்கலாம்' என்றானது. கையெழுத்துப் பதிவேடு இதில் அடங்காது என்றும் விளக்கத்தில் சேர்த்தோம். வேண்டாம் என்றுதான் அவள் முதலில் சொன்னாள், ஆள் சேர மாட்டார்களாம். தாத்தாவின் 1920களின் சான்றை வைத்துக்கொண்டு பணம் கட்டிச் சேர்ந்தவர் முதல் வாரமே திட்டுவார் என்றேன். சேர்த்துக்கொண்டாள்.

அதே பாடத்தில் இன்னொரு சிறு விஷயம். மணமான பெண்ணின் பெயருக்குப் பின் 'நே' என்று எழுதி ஒரு பெயர் வரும். 'பிறந்தவர்' என்று பொருள் சொல்லிக் கொடுத்தால் மாணவர் அந்தப் பெயரை ஊர்ப்பெயர் என்று நினைத்துவிடுவார். அது பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். பயிற்சியில் இதற்கு ஒரு கேள்வி வைத்தபிறகே 'தாயின் பெயர்' என்பதை விளக்கத்தில் எழுத விட்டேன்.

மிஞ்சியது உச்சரிப்புப் பாடம். 'பிரெஞ்சுக்காரர் போலவே உச்சரிக்கலாம்' என்று முன்பு இருந்தது. ஒளிப்பதிவில் மாணவர் சொல்வதை யாரும் கேட்பதில்லையே, சரியா தவறா என்று யார் சொல்வது? 'வேன்', 'வான்', 'வோன்' என்று மூக்கில் ஒலிக்கும் மூன்று சொற்களில் எது காதில் விழுந்தது என்று குறிக்கும் பயிற்சி மட்டும் அதில் இருந்தது. அதனால் 'மூன்று மூக்கொலிகளைக் காதால் பிரித்தறியலாம்' என்று மாற்றினோம். வாயால் சொல்வதற்கு வாரம் ஒருமுறை நேரடி வகுப்பு வைக்கப்போகிறாளாம். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.