காதை அமுக்குவது காற்று அல்ல!

ஊட்டி மலைப்பாதையில் பஸ் வளைஞ்சு வளைஞ்சு ஏறும்போது காது 'கும்'முனு அடைச்சுக்குமே, அந்த ஃபீலிங் எல்லாருக்கும் தெரியும். அதே ஃபீலிங், தரையில சும்மா உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி, 'நாய்ஸ் கேன்சலேஷன்' பட்டனைத் தட்டினாலும் வருது. இத்தனைக்கும் பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மலையும் இல்லாம, பஸ்ஸும் இல்லாம காதை அமுக்குறது யாரு?

என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு இது வெறும் சயின்ஸ் கேள்வி இல்லை. ஒன்பதாம் வகுப்புல செவிப்பறையில ஓட்டை விழுந்து, ஆபரேஷன் பண்ணி ஒட்டியிருக்காங்க. அண்ணன் முதல் மாச சம்பளத்துல ஆசையா வாங்கி அனுப்பின ஹெட்போனை மாட்டி, பட்டனைத் தட்டின மூணாவது செகண்ட் கழற்றிட்டா. "உள்ளே என்னமோ அமுக்குதுடி. ஒட்டினது பிரிஞ்சுட்டா என்ன பண்றது?" என்றாள். நியாயமான பயம்தான். "நீ எலெக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற, சொல்லு!" என்று வேறு மடக்கிவிட்டாள். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

சத்தம்னா என்ன? காற்றின் அழுத்தம் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறுவது. அவ்வளவுதான். ஒரு ஆறு சிலிண்டர் டீசல் பஸ்ஸை எடுத்துக்கோங்க. இன்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றுதுன்னா, செகண்டுக்கு சுமார் 33 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மூணு சிலிண்டர் வெடிக்கும். ஆக, செகண்டுக்கு 100 வெடிப்பு. பஸ்ஸில் நம்மைத் தாலாட்டும் அந்த 'ம்ம்ம்ம்' உறுமலில் இந்த 100 ஹெர்ட்ஸ் முக்கியமான பங்காளி. காற்றழுத்தம் 5 மில்லி செகண்ட் ஏறி நிற்கும், அடுத்த 5 மில்லி செகண்ட் இறங்கி நிற்கும்.

ஹெட்போனின் வெளிப்பக்கம் இருக்கும் குட்டி மைக் இதைக் கேட்கும். உள்ளே இருக்கும் சிப் அதை அப்படியே தலைகீழாகப் புரட்டும். வெளியிலிருந்து வரும் அழுத்தம் ஏறும்போது, ஸ்பீக்கர் அதே அளவு இறக்கும். இது ஏறினால் அது இறங்கும், அது இறங்கினால் இது ஏறும். ரெண்டும் காதுக்குள் போகுமுன்னே கூடிக் கழிந்து, கிட்டத்தட்ட பூஜ்யம். உள்பக்கம் இன்னொரு மைக் இருந்தால், மிச்சம் மீதியைக் கேட்டுத் திருத்தும். ஐடியா ரொம்பப் பழசு. பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்.

சிக்கல் எங்கேன்னா, நேரத்தில். தலைகீழ் சத்தம் 0.16 மில்லி செகண்ட் லேட்டா வருதுன்னு வைங்க. 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு ஒரு முழுச் சுற்று 10 மில்லி செகண்ட் என்பதால் அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. அழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு காலி. ஆனால் 1,000 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு ஒரு சுற்றே 1 மில்லி செகண்ட்தான். அதே 0.16 தாமதத்தில், தலைகீழ் சத்தம் வந்து சேர்வதற்குள் அசல் சத்தம் எங்கேயோ போயிருக்கும். கணக்குப் போட்டால் 100-க்கு 96 பங்கு அப்படியே மிஞ்சுது! இன்னும் கொஞ்சம் லேட்டானால் சத்தம் குறைவதற்குப் பதில் கூடும். அதனால் சிப்புகள் உயர்ந்த சுருதிச் சத்தங்களில் பெரும்பாலும் கை வைப்பதில்லை. கண்டக்டர் விசிலையும் குழந்தை அழுகையையும் தடுக்கும் வேலை ஹெட்போனின் பஞ்சுக்கும் ரப்பருக்கும்.

இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க: பட்டனைத் தட்டியதும் காணாமல் போவது எல்லாச் சத்தமும் இல்லை. அடித்தொண்டைச் சத்தம் மட்டும்தான்.

இப்போ ரூம்மேட்டின் கேள்விக்கு வருவோம். ஸ்பீக்கர் நிஜமாகவே காதை அமுக்குதா? பஸ்ஸுக்குள் 80 டெசிபல் உறுமல்னா, அதன் அழுத்தம் 0.2 பாஸ்கல். அதை ஒழிக்க ஸ்பீக்கர் தர வேண்டியதும் அதே 0.2 தான். அதுவும் ஒரே பக்கமாகத் தள்ளுவதில்லை, செகண்டுக்கு நூறு தடவை முன்னும் பின்னும். சரி, இது எவ்வளவு? மாடிப்படியில் ஒரே ஒரு படி ஏறினால் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் சுமார் 2 பாஸ்கல் குறையும். அதாவது பத்து மடங்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போனால் சுமார் 20,000 பாஸ்கல்! ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் படியிறங்கும்போது பிரியாத செவிப்பறை, இந்தப் பொடிசுக்கா பிரியப் போகுது? சொல்லப்போனால், ரெண்டு சத்தமும் கழிந்துவிடுவதால் செவிப்பறை முன்பைவிடக் குறைவாகத்தான் அசையுது.

அப்புறம் ஏன் அமுக்குற மாதிரி இருக்கு? ஆடியோ இன்ஜினீயர்கள் சொல்லும் விளக்கம் சுவாரஸ்யமானது. மலையேறும்போது செவிப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் வேறுபடும். பறை ஒரு பக்கமாக இழுபட்டு விறைத்துக்கொள்ளும். மிருதங்கத்தின் வாரை இறுக்கினால் தோல் விறைத்து சுருதி ஏறுமில்லையா, அந்த மாதிரி. விறைத்த பறை, அடித்தொண்டைச் சத்தங்களுக்குச் சரியாக அசையாது. அதனால் முதலில் குறைவது அவைதான். மூளை சின்ன வயசிலிருந்தே இந்தப் பாடத்தைப் படிச்சு வெச்சிருக்கு: 'கீழ்ச் சத்தம் திடீர்னு குறைஞ்சா, காது அடைச்சிருக்குன்னு அர்த்தம்.' பட்டனைத் தட்டியதும் ஹெட்போன் செய்வதும் அதையேதான். கீழ்ச் சத்தத்தை மட்டும் சட்டென்று உருவிவிடுது. மூளை பழைய பாடத்தை ஒப்பிச்சு, இல்லாத அழுத்தத்தை உணருது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பஸ் வேகத்தடையில் குதிக்கும்போது ஹெட்போன் காதோடு அழுந்தி, உள்ளே அடைபட்ட காற்று நிஜமாகவே நசுங்கும். மைக் அதைப் பெரிய கீழ்ச் சத்தம்னு நினைக்க, அதை ஒழிக்க ஸ்பீக்கர் தடுமாறும். அப்போ கேட்கும் 'டொப்' கற்பனை இல்லை. அந்த நேரத்தில் அணைத்துவிடலாம்.

கணக்கு என்ன சொன்னாலும், ஆபரேஷன் செய்த காது ஆச்சே! அடுத்த செக்கப்பில் ஈ.என்.டி. டாக்டரிடமே கேட்டாள். காதுக்குள் பார்த்துவிட்டு, "ஒட்டு கெட்டியா இருக்கும்மா. நான் பயப்படுறது நீ வைக்கிற வால்யூமுக்குத்தான்" என்றாராம். பஸ் உறுமலை ஜெயிக்க பாட்டை ஏத்தி வைப்பது, இல்லாத அழுத்தத்தைவிட நிஜமான ஆபத்து.

உங்களுக்கும் அமுக்குதா? நீங்களே டெஸ்ட் பண்ணிக்கலாம். ஹெட்போன் தலையில் இருக்கட்டும், பட்டனை மட்டும் அணையுங்க. அடுத்த நொடியே அமுக்கம் மறைஞ்சா, அது மூளையின் பழைய பாடம். அடுத்து, ஆன் செய்துவிட்டு எச்சில் விழுங்குங்க, கொட்டாவி விடுங்க. மலையில் வரும் நிஜ அடைப்புன்னா, தொண்டைக்கும் காதுக்கும் நடுவே உள்ள குழாய் திறந்து, 'பட்'டுனு சரியாகும். இதில் ஒண்ணும் மாறாது. ஏன்னா, வெளியேற வேண்டிய அழுத்தமே அங்கே இல்லை. ரொம்பத் தொல்லையா இருந்தா, ஒழிக்கும் அளவைக் குறைத்து வைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. கீழ்ச் சத்தம் கொஞ்சம் திரும்பி வந்தாலே மூளை சமாதானமாயிடும்.

ஆனா, ஹெட்போனைக் கழற்றின பிறகும் அடைப்பு நிற்குது, வலிக்குது, நீர் வடியுதுன்னா, அது மூளை ஒப்பிக்கிற பாடம் இல்லை. நேரா டாக்டர்கிட்ட போங்க.