லட்சுமியின் காதுவில்லை

எங்கள் ஜெர்சிக் கலப்புப் பசு லட்சுமி மார்ச் 3ஆம் தேதி விடியற்காலையில் வயிறு உப்பி இறந்துபோனாள். காதில் மஞ்சள் வில்லை அப்படியே இருந்தது. அது இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணம் கிடையாது என்பதால், எண் தெளிவாகத் தெரிய படம் எடுத்த பிறகுதான் அழுதேன்.

நாலு மாதமாக அலைந்தும் பணம் வரவில்லை. போனில் காப்பீட்டு நிறுவனத்தார் ஒவ்வொரு முறையும் "பேப்பர் வரலையே" என்கிறார்கள். அதனால் நேற்று எழுத்திலேயே கேட்டுவிட்டேன்.

பாலிசி எண், வில்லை எண், இறந்த தேதி ஆகியவற்றை முதலில் எழுதினேன். அடுத்து, மார்ச் 4ஆம் தேதி உங்கள் ஆள் நேரில் வந்து பார்த்துப் படம் எடுத்துப் போனார் என்று எழுதினேன். பிறகு, கோரிக்கைப் படிவம், கால்நடை மருத்துவரின் இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வில்லை, வங்கிப் புத்தக நகல் எல்லாவற்றையும் மார்ச் 12 அன்று கொடுத்ததை வரிசையாகக் குறிப்பிட்டு, அன்று அவர்கள் முத்திரை குத்திய ரசீதின் நகலையும் இணைத்தேன். வில்லையே அவர்களிடம்தான் இருக்கிறது. அந்த ரசீதை மட்டும் வாங்காமல் வந்திருந்தால் இன்று என்னிடம் எந்த ஆதாரமும் இருந்திருக்காது.

கடைசியாக, இன்னும் ஏதாவது குறை இருந்தால் எழுத்தில் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

கடிதத்தை ஒப்புகையோடு தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் நிறுவனத்துக்கு முதலில் எழுதியதைக் காட்ட வேண்டும். போனில் பேசியதற்கு என்னிடம் சாட்சி எதுவும் இல்லை.